கதையைச் சொல்லிவிடாத பின்னட்டை: தோட்டத்து மாணவர் தொகுப்புக்குக் குறிப்பு எழுதும் முறை

சிறுகதைப் போட்டி முடிகிறது. பரிசு பெற்ற கதைகளும் தேர்ந்தெடுத்த கதைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நூலாகின்றன. முன்னட்டைக்கு மாணவர் ஒருவர் வரைந்த ஓவியம் கிடைத்துவிடும். அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டிய நாளுக்கு முந்தின மாலையில்தான் பின்னட்டையில் என்ன போடுவது என்ற கேள்வி எழுகிறது. யாரோ ஒருவர் முன்னுரையிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டுகிறார். நூலும் வெளியாகிறது.

மாணவர் தொகுப்புகளில் கதையின் முடிவு பெரும்பாலும் இப்படித்தான் கசிகிறது. முன்னுரை எழுதுபவர் எல்லாக் கதைகளையும் படித்து முடித்தவர். ஒவ்வொரு கதையின் சிறப்பையும் அவர் சொல்ல வேண்டும், சிறப்போ பல கதைகளில் முடிவில்தான் இருக்கிறது. நடுவர் கருத்தும் அப்படித்தான். கடைசிப் பக்கத்தில் வரும் திருப்பத்தைப் பாராட்ட வேண்டுமென்றால் அந்தத் திருப்பத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் நூலுக்கு உள்ளே இருக்க வேண்டியவை. பின்னட்டையைப் படிப்பவர் இன்னும் ஒரு கதையைக்கூடப் படிக்காதவர். அவருக்கு எழுத வேண்டியது வேறு.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் மாணவர்களின் கதைத் தொகுப்பு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, பின்னட்டைக் குறிப்பை எப்படி எழுதுவது, எங்கே தவறுகிறது, தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். இங்கே வரும் தொகுப்பும் அதிலுள்ள கதைகளும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை.

பாராட்டும் குறிப்பும் ஒன்றல்ல

பின்னட்டைக் குறிப்பை ஆங்கிலத்தில் ‘பிளர்ப்’ என்கிறார்கள். அந்தச் சொல் பிறந்ததே கேலியில்தான். 1907இல் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜெலட் பர்ஜெஸ், தம் நூலின் சிறப்பு உறை ஒன்றில் பெலிண்டா பிளர்ப் என்ற கற்பனைப் பெண்ணின் படத்தைப் போட்டு, அளவில்லாத புகழுரையை எழுதி வைத்தார். அக்காலப் பதிப்பாளர்கள் நூல்களைப் புகழ்ந்து தள்ளியதைக் கிண்டல் செய்வதே அவர் நோக்கம். கிண்டல் மறைந்துபோய், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் நூல்களின் பின்னட்டையிலும் அந்தப் புகழுரை வாழ்கிறது. ‘முத்தான கதைகள்’, ‘ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டிய பொக்கிஷம்’ போன்ற தொடர்கள் எந்த நூலுக்கும் பொருந்தும். அதனாலேயே இந்த நூலைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. புகழுரை முடிவை வெளிப்படுத்துவதில்லை என்பது உண்மை. ஆனால் வாசகரை உள்ளே அழைப்பதுமில்லை. குறிப்பு எழுதுபவர் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கதையிலிருந்து ஏதேனும் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும், அதே சமயம் கதையைக் கொடுத்துவிடக் கூடாது.

மாணவர் சிறுகதையில் இது நாவலைவிடக் கடினம். முந்நூறு பக்க நாவலில் ஐம்பதாம் பக்கம்வரை சொன்னாலும் இருநூற்றைம்பது பக்கம் மிச்சமிருக்கும். மாணவர் கதையோ ஐந்தாறு பக்கம்தான். ஒரு வாக்கியம் தவறினால் முழுக் கதையும் போய்விடும். அந்தக் கதை ஒரு பிள்ளையின் முதல் கதையாகவும் இருக்கலாம். அச்சில் பார்க்க அவன் ஆறு மாதம் காத்திருந்திருப்பான். நூலை வாங்கிய மாமா, “அந்தப் பையன் கடைசியில தனியா நிப்பானே, அந்தக் கதைதானே?” என்று பின்னட்டையைப் பார்த்தே சொல்லிவிட்டால், அதைப் படிக்க அவருக்கு ஏது காரணம்?

எவ்வளவு இடம் இருக்கிறது

எழுதத் தொடங்குமுன் இடத்தை அளந்துகொள்வது நல்லது. மாணவர் தொகுப்புகள் பல ஏ5 அளவில் வருகின்றன. அதாவது 148 மில்லிமீட்டர் அகலம், 210 மில்லிமீட்டர் உயரம். சுற்றிலும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட வேண்டும். கீழே, தேசிய நூலகம் வழங்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குரிய பட்டைக்கோடு வரும். அதன் முழு அளவு ஏறக்குறைய 37 மில்லிமீட்டர் அகலம், 26 மில்லிமீட்டர் உயரம். பதிப்பாளர் பெயருக்கும் விலைக்கும் சேர்த்து அடிப்பகுதியில் 40 மில்லிமீட்டரை ஒதுக்கிவிடலாம்.

மீதி இடத்தில் 11 புள்ளி எழுத்தில், வரிகளுக்கு இடையே போதிய இடைவெளி விட்டு அமைத்தால், 16 அல்லது 18 வரிகள் கண்ணை உறுத்தாமல் அமையும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. ஒரு வரிக்கு ஐந்து அல்லது ஆறு சொற்கள்தான் அடங்கும். ஆக, நம்மிடம் இருப்பது 80 முதல் 100 சொற்கள். ஆங்கில நூல்களின் பின்னட்டையில் 150 சொற்கள் இருக்கின்றன என்று பார்த்து அதே அளவு எழுதினால், அச்சகத்தில் எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள். தாத்தா பாட்டிகளால் படிக்க முடியாமல் போகும்.

நூறு சொற்களில் பன்னிரண்டு கதைகளையும் சொல்ல முடியாது, முயலவும் கூடாது. ஆளுக்கு எட்டுச் சொல் என்று பங்கு போட்டால் அது பொருளடக்கமாகிவிடும். மூன்று கதைகளிலிருந்து ஒவ்வொரு காட்சி, பன்னிரண்டையும் கட்டும் ஒரு நூலிழை, எழுதியவர்கள் யார் என்று ஒரு வரி. இவ்வளவே அந்த இடத்தில் அடங்கும்.

கால் பங்குக்கு மேல் போகாதே

எதைச் சொல்லலாம் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கதையின் முதல் கால் பகுதியில் நடப்பதை மட்டும் எடுங்கள். ஆறு பக்கக் கதையென்றால் முதல் ஒன்றரைப் பக்கம். அதற்குப் பின் நடப்பது எதுவும் பின்னட்டைக்கு வரக்கூடாது.

நம் தொகுப்பில் மூன்று கதைகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் கதை ஒரு சிறிய தோட்டப் பள்ளியில் நடக்கிறது. தினமும் காலையில் மணி அடிப்பது ஒரு பையனின் வேலை. வகுப்புக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும் காலணிகளை எண்ணுவது அவன் பழக்கம். குடும்பங்கள் ஒவ்வொன்றாக மலையைவிட்டு இறங்க, காலணிகள் குறைந்துகொண்டே வருகின்றன. கடைசியில் அவன் ஒருவனே மிஞ்சுகிறான். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் மணியை அடிக்கிறான்.

இரண்டாவது கதையில், நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பாட்டி லயத்து வீட்டைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். சாவியைக் கொடுக்க மனமில்லாமல் ஒளித்து வைக்கிறார். பிறகு, புதிதாகக் குடிவரப்போகும் வெளிநாட்டுத் தொழிலாளியின் மனைவி மழையில் கைக்குழந்தையோடு நிற்பதைப் பார்த்து, தாமே சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

மூன்றாவது கதையில் ஒரு மாணவி, ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் அப்பாவின் லாரியில் கூடப் போகிறாள். வெளியூர் விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம் அவள் சட்டைப்பையில் இருக்கிறது. அதைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். விடியற்காலையில் அப்பா தனியாளாக மூட்டை இறக்குவதைப் பார்த்த பிறகு கடிதத்தை நீட்டுகிறாள்.

இனி, அவசரத்தில் எழுதப்பட்ட முதல் வரைவைப் பாருங்கள்:

“இயற்கை எழில் கொஞ்சும் கேமரன் மலையில் வளரும் நம் மாணவச் செல்வங்களின் கைவண்ணத்தில் மலர்ந்த பன்னிரண்டு முத்தான சிறுகதைகள். தோட்டப் பள்ளியின் கடைசி மாணவனின் சோகம், வீட்டை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் பாட்டியின் பெருந்தன்மை, தந்தையின் உழைப்பை உணர்ந்து மனம் திருந்தும் மகள் என ஒவ்வொரு கதையும் ஒரு பாடம். தோட்டப்புற ஏழ்மையின் உண்மை முகத்தைக் காட்டும் இந்நூல், ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டிய பொக்கிஷம்.”

இலக்கணப் பிழை இல்லை, நல்லெண்ணத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் மூன்று கதைகளின் முடிவும் ஒரே வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டன. எப்படி வந்தன என்று பார்த்தால், தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய சில இடங்கள் தெரியும்.

முடிவு ஒளிந்து வரும் இடங்கள்

முதல் இடம் பெயரெச்சம். ‘மனம் திருந்தும் மகள்’, ‘விட்டுக்கொடுக்கும் பாட்டி’ என்ற தொடர்களில் வினை அடைமொழியாக மாறி, பெயருக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. எழுதுபவருக்கு அது ஆளை அறிமுகப்படுத்துவது போலத் தோன்றும். உண்மையில் அது கதையின் கடைசிச் செயல். ‘தாயை இழந்த சிறுவன்’ என்பது இன்னோர் எடுத்துக்காட்டு. முதல் பக்கத்திலேயே தாய் இல்லை என்றால் அது தொடக்க நிலை, சொல்லலாம். நான்காம் பக்கத்தில்தான் தாய் இறக்கிறாள் என்றால் அந்த மூன்று சொல் கதையையே எடுத்துவிடும். குறிப்பிலுள்ள ஒவ்வொரு பெயரெச்சத்தின் கீழும் கோடிட்டு, அந்தச் செயல் எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று ஓரத்தில் எண்ணை எழுதிப் பாருங்கள். உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது இடம் பண்புப் பெயர்கள். பெருந்தன்மை, தியாகம், மன்னிப்பு, மனமாற்றம், சோகம் என்ற சொற்கள் நிகழ்ச்சியைச் சொல்வதில்லை, ஆனால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. சாவியை ஒளித்து வைத்த பாட்டி என்ன செய்வார் என்பதுதான் கதை. ‘பெருந்தன்மை’ என்று எழுதிய உடனே அந்தக் கேள்வி செத்துவிடுகிறது.

மூன்றாவது இடம் காலமும் விகுதியும். ‘தாத்தா கதை சொல்வார்’ என்பதற்கும் ‘தாத்தா கதை சொல்லிக்கொண்டிருந்தார்’ என்பதற்கும் இடையே ஒரு மரணம் ஒளிந்திருக்கக்கூடும். அதேபோல, கதை சொல்லும் ‘நான்’ யார் என்பதைக் கடைசிவரை மறைத்த கதையில், பின்னட்டை எழுதுபவர் ‘நினைத்தாள்’ என்று எழுதினால் அந்த மறைப்பு உடைந்துபோகும். ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது, தமிழில் பெரும்பாலும் காட்டிவிடும். இப்படிப்பட்ட கதையைப் பின்னட்டைக்குத் தேர்ந்தெடுக்காமல் விடுவதே எளிது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆளைப் பற்றி எழுதாமல் பொருளைப் பற்றி எழுதலாம்: ‘ஜன்னலோரம் ஒரு தகரப் பெட்டி. அதைத் திறக்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.’

எழுத்துக்கு வெளியேயும் ஓர் இடம் உண்டு. முன்னட்டை ஓவியம் வரையும் மாணவருக்குப் பெரும்பாலும் கதையின் உச்சக்காட்சிதான் பிடிக்கும். யாருமில்லாத பள்ளியில் ஒரு பையன் மணி அடிக்கும் படம் முன்னால் இருந்தால், பின்னால் என்ன மறைத்தும் பயனில்லை. ஆகவே முன்னட்டையையும் பின்னட்டையையும் ஒன்றாக மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

திருத்திய வரைவு

அதே மூன்று கதைகளுக்கு, கால் பங்கு அளவுகோலின்படி எழுதிய குறிப்பு இது:

“விடியும் முன் தேயிலை மலையில் பனி இறங்கும். லாரிச் சத்தம் கேட்டால் மணி ஐந்தரை என்று அர்த்தம்.

தினமும் பள்ளி மணியை அடிக்கும் பையன், வாசலில் கிடக்கும் காலணிகளை எண்ணிப் பார்க்கிறான். நேற்றைவிட இரண்டு ஜோடி குறைவு. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பாட்டி, வீட்டுச் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறார். ஈப்போவுக்குப் போகும் காய்கறி லாரியில், அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மாணவி. அவள் சட்டைப்பையில் மடித்த ஒரு தாள்.

கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து பன்னிரண்டு கதைகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் மலையைவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது, அல்லது இறங்க மறுக்கிறார்.

எழுதியவர்கள் ஐந்தாம் ஆண்டு முதல் படிவம் மூன்று வரை படிக்கும் மாணவர்கள்.”

இது எண்பது சொற்களுக்குச் சற்றுக் குறைவு, இடத்தில் தாராளமாக அடங்கும். மூன்று காட்சிகளும் அந்தந்தக் கதையின் முதல் பக்கத்திலேயே இருப்பவை. காலணி குறைகிறது என்று சொன்னோம், எத்தனையில் நிற்கும் என்று சொல்லவில்லை. சாவி ஒளிந்திருக்கிறது, அது யார் கைக்குப் போகும் என்பது வாசகருக்குத் தெரியாது. மடித்த தாளை ‘விடுதிப் பள்ளிக் கடிதம்’ என்றுகூடச் சொல்லவில்லை. கதையில் அது இரண்டாம் பக்கத்தின் முடிவில்தான் தெரியவருகிறது.

ஒரு கேள்விக்குறிகூட இல்லை என்பதையும் கவனிக்கலாம். ‘பாட்டி சாவியைக் கொடுத்தாரா?’, ‘சிறுவனின் கனவு நனவானதா?’ என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்வி, கதையை அந்த இரண்டு சொல்லாகச் சுருக்கிவிடும். நூல் வெளியீட்டு விழாவில் விற்கும் தொகுப்புக்கு ‘ஆம்’ என்பதே விடையாக இருக்கும் என்று வாசகர் ஊகித்தும்விடுவார். அரிசி டப்பாவுக்குள் சாவி என்பது வேறு வகை. அது கேட்காமலே கேட்கிறது. சாவிக்கு அங்கே என்ன வேலை என்று படிப்பவரே தம்மைக் கேட்டுக்கொள்வார்.

‘ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் இறங்க வேண்டியிருக்கிறது’ என்ற வாக்கியம்தான் தொகுப்பைக் கட்டும் நூலிழை. நாளிதழில் ஞாயிறு பக்கத்தில் வரும் கதை தன் தலைப்போடு தனியே நின்றுவிடும். தொகுப்பு அப்படியல்ல, பன்னிரண்டு கதைக்கும் ஒரே முகம் வேண்டும். அந்த முகம் பொய்யாகவும் இருக்கக் கூடாது. பன்னிரண்டில் மூன்று கதைகள் மலையைவிட்டு இறங்குவதைப் பற்றியே பேசவில்லை என்றால் ‘ஒவ்வொன்றிலும்’ என்று எழுத முடியாது. ‘பல கதைகளில்’ என்று மாற்ற வேண்டும், அல்லது வேறு இழையைத் தேட வேண்டும். இழையைத் தேட ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கதைக்கும் ‘இதில் யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது’ என்று ஒரே வரியில் எழுதி, பன்னிரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல்லே இழை.

பனியும் பச்சையும் யாருடைய பார்வை?

முதல் வரைவின் ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்ற தொடர் முடிவை வெளியிடவில்லை. அதில் வேறு குறை இருக்கிறது. அது மலைக்கு வரும் பயணியின் கண்.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரசல் 1929இல் தொடங்கினார். அந்தக் காலந்தொட்டே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கை இந்தச் சரிவுகளோடு பிணைந்திருக்கிறது. இன்று சுங்கை பாலாஸ் பக்கம் வார இறுதியில் வரும் பயணிகளுக்கு அந்தச் சரிவு ஒரு படம். அங்கே வளரும் பிள்ளைக்கு அது அம்மா வேலைக்குப் போகும் இடம், பள்ளிக்கு இறங்கும் வழி, மழை நாளில் வழுக்கும் மண். பன்னிரண்டு மாணவர்களின் கதைகளில் ‘பச்சைப் பசேல்’ என்ற சொல் ஒருமுறைகூட வராமல் இருக்கலாம். லாரி, காலணி, குளிர்ந்த தண்ணீர், தகரக் கூரை எல்லாம் வரும். பின்னட்டையின் சொற்களை அந்தக் கதைகளிலிருந்தே எடுத்தால், நூலைத் திறக்கும் வாசகர் வேறு ஊருக்கு வந்துவிட்டதாக உணரமாட்டார்.

‘தோட்டப்புற ஏழ்மையின் உண்மை முகம்’ என்ற தொடரில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. தோட்டம் சிறிய ஊர். எந்தப் பிள்ளை எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு கதையில் அப்பா குடிக்கிறார், இன்னொன்றில் அண்ணன் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறான். அதை எழுதிய பிள்ளை கற்பனையாகவே எழுதியிருக்கலாம். பின்னட்டையில் ‘உண்மைச் சம்பவங்கள்’ என்று அச்சானால், கோயில் திருவிழாவில் நூலை வாங்கும் அத்தனை பேரும் அந்தப் பிள்ளையின் வீட்டை நோக்கித் திரும்புவார்கள். முடிவை வெளியிடுவது கதைக்குத்தான் கேடு. இது பிள்ளைக்கே கேடு.

எனவே பின்னட்டைக்குக் காட்சி எடுக்கும் கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, எது சிறந்த கதை என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தக் காட்சி தனியே வெளியே நின்றால் யாருக்காவது தலைகுனிவு வருமா? வரும் என்றால் அந்தக் கதை உள்ளேயே இருக்கட்டும், அங்கே அதற்கு முன்னும் பின்னும் துணை இருக்கிறது. எழுதிய மாணவரிடமும் பெற்றோரிடமும் வரைவைக் காட்டிச் சம்மதம் வாங்குவது நல்லது. ‘உண்மை’ என்ற சொல்லையும் மாணவர் பெயரையும் பின்னட்டையில் தவிர்த்துவிடலாம். படிக்கும் ஆண்டையும் படிவத்தையும் சொன்னால் போதும்.

முடிவு தெரிந்தால் கதை கெட்டுவிடுமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இராமாயணத்தின் முடிவு தெரிந்தேதான் நாம் கூத்துப் பார்க்கப் போகிறோம். முடிவு தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்டு என்ற இருவர், 12 சிறுகதைகளை மாணவர்களிடம் கொடுத்தனர். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவர்களே கதையைச் சற்று அதிகமாக ரசித்ததாகத் தெரியவந்தது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் இதற்கு மாறான முடிவுகளும் வந்தன.

ஆனால் அந்த ஆய்வில் கதையைப் படிக்க ஒப்புக்கொண்டவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். கதை ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. பின்னட்டையைப் பார்ப்பவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விழா மேசையில் நூலைத் திருப்பிப் பார்த்து, வாங்குவதா வைப்பதா என்று அரை நிமிடத்தில் முடிவெடுப்பவர் அவர். முடிவு தெரிந்த பிறகும் படித்தால் ரசிக்கலாம். ஆனால் முடிவு தெரிந்துவிட்டால் படிக்கவே மாட்டார் என்பதுதான் இங்கே கவலை.

எல்லாக் கதைக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சில கதைகள் திருப்பத்தை நம்பி நிற்பதில்லை. மழை நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும் ஒரு பிள்ளையின் நடை மட்டுமே கதை என்றால், அதில் வெளிப்பட எதுவுமில்லை. அதற்கு மர்மக் கதைபோலப் பின்னட்டை எழுதினால் கெடுதல் வேறு வகையில் வரும். எதிர்பார்த்த மர்மம் வராதபோது வாசகர் கதையைத்தான் குறை சொல்வார், பின்னட்டையை அல்ல. மென்மையான கதைக்கு மென்மையான வரியே பொருத்தம்.

அச்சுக்குப் போகுமுன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை வாசகரைக் கொண்டு செய்வது. தொகுப்பைப் படிக்காத ஐந்து பேரிடம் பின்னட்டையை மட்டும் கொடுங்கள். மலைக்கு வெளியே, தாப்பாவிலோ ஈப்போவிலோ இருப்பவர்களாக இருந்தால் நல்லது. இரண்டு கேள்விகள் போதும்: ‘இந்த மூன்று கதைகளும் எப்படி முடியும் என்று நினைக்கிறீர்கள்?’, ‘முதலில் எந்தக் கதையைப் படிப்பீர்கள்?’ ஒரு கதைக்கு மூவர் சரியான முடிவைச் சொன்னால், அந்த வரியில் ஏதோ கசிகிறது. யாருமே ஒரு கதையை முதலில் படிக்கத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், அந்த வரி எதையும் கொடுக்கவில்லை. முதல் வரைவைக் கொடுத்தால் மூன்று முடிவுகளும் சரியாக வந்துவிடும். திருத்திய வரைவில் பதில்கள் பிரிய வேண்டும். பாட்டி சாவியோடு ஊரைவிட்டே போய்விடுவார் என்று ஒருவர் சொல்வார், பேத்தி எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று இன்னொருவர் சொல்வார். பதில்கள் பிரிந்தால் கதை பத்திரமாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை எழுத்துருவுக்கு. உள்பக்கங்களைத் தட்டச்சு செய்தவர் ஒருவர், அட்டையை வடிவமைப்பவர் வேறொருவர். வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொழுந்து’ என்ற சொல்லின் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்டிசைன் பயன்படுத்துவோர் பத்தி அமைப்பில் World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சகம் அனுப்பும் இறுதி PDF கோப்பில் கொ, கோ, கௌ, ணை, லை ஆகிய எழுத்துகள் வரும் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வரி உடையும் இடங்களையும் பார்க்க வேண்டும். ஒரு சொல் பாதியில் உடைந்து, மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது.

இந்த வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கதை எழுதிய மாணவர்களிடமே, ‘உன் நண்பனின் கதைக்கு இரண்டு வரி எழுது, முடிவைச் சொல்லக் கூடாது’ என்று கொடுக்கலாம். தன் கதைக்குத் தானே எழுதும் பிள்ளை, முடிவைச் சொல்லாமல் இருக்கப் பெரும்பாலும் தவிக்கும், ஏனென்றால் அதற்குப் பிடித்ததே அந்த இடம்தான். நண்பனின் கதைக்கு எழுதும்போது, தான் முதல்முறை படித்தபோது எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பது நினைவுக்கு வரும். பன்னிரண்டு பேர் எழுதினால் இருபத்து நான்கு வரி கிடைக்கும். அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, காலமும் விகுதியும் பார்த்து, பக்க எண்ணைச் சரிபார்த்தால் பின்னட்டையின் பாதி வேலை முடிந்துவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் முந்தின மாலைக்கு அதைத் தள்ளிவைக்காமல், கதைகள் தேர்வான வாரத்திலேயே தொடங்கினால் போதும்.